நாணயக் கணக்கும் சொல் பிரிப்பும்: ஒரே அட்டவணையில் இரண்டு கேள்விகள்

1, 5, 8 என மூன்று மதிப்புகளில் நாணயங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கூட்டினால் சரியாக 15 வர வேண்டும். எடுக்கும் நாணயங்களின் எண்ணிக்கை முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். எத்தனை நாணயம் போதும்?

பெரும்பாலானவர்கள் பெரியதிலிருந்து தொடங்குவார்கள். முதலில் ஒரு 8, மீதி 7. அடுத்து ஒரு 5, மீதி 2. அப்புறம் இரண்டு 1. ஆக நான்கு நாணயம். ஆனால் 5 + 5 + 5 என்று மூன்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு எது பெரியதோ அதை எடுக்கும் இந்த வழிக்கு கிரீடி என்று பெயர். சில நாணயத் தொகுப்புகளுக்கு அது எப்போதும் சரியான விடையைத் தரும். இந்தத் தொகுப்புக்குத் தராது. அதனால் எந்தத் தொகுப்பு வரும் என்று தெரியாத ஒரு நிரலில் அதை நம்பி எழுத முடியாது.

இப்போது இன்னொரு கேள்வி. அகராதியில் `பல`, `பலகை`, `கைவினை` என்று மூன்றே சொற்கள் உள்ளன. `பலபலகைவினை` என்று இடைவெளி இல்லாமல் ஒரு சரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அகராதிச் சொற்களை மட்டும் அடுத்தடுத்து வைத்து இந்தச் சரத்தை முழுதாக அமைக்க முடியுமா? ஒரே சொல்லை எத்தனை முறையும் பயன்படுத்தலாம்.

இங்கேயும் கிடைத்த மிக நீளமான சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் `பல` பொருந்துகிறது. அடுத்து `பல`, `பலகை` இரண்டுமே பொருந்தும். நீளமானது `பலகை` என்பதால் அதை எடுக்கிறோம். மிச்சம் இருப்பது `வினை`. அது அகராதியில் இல்லை, ஆகவே முடியாது என்று சொல்லிவிடுவோம். உண்மையில் `பல` + `பல` + `கைவினை` என்று அழகாகப் பிரிகிறது.

முதல் கேள்வி எண்களைப் பற்றியது, இரண்டாவது எழுத்துகளைப் பற்றியது. ஆனால் இரண்டின் எலும்புக்கூடும் ஒன்றுதான். எட்ட வேண்டிய ஓர் இலக்கு இருக்கிறது, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய சில துண்டுகள் இருக்கின்றன, அந்தத் துண்டுகளால் இலக்கை மிச்சமில்லாமல் நிரப்ப வேண்டும். நிரல் பயிற்சித் தளமான லீட்கோடில் இவை 322, 139 என்ற எண்களில் தனித்தனியாக இருப்பதால் பலரும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றது கிட்டத்தட்ட கையிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட என்றுதான் சொல்ல முடியும். ஓர் இடத்தில் இரண்டும் பிரிகின்றன, பிழைகள் வருவதும் அந்த இடத்தில்தான். அங்கே போவதற்கு முன் பொதுவானதைப் பார்த்துவிடுவோம்.

கடைசித் துண்டு எது?

முதலில் எதை எடுப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, கடைசியாக வைக்கப்பட்ட துண்டு எதுவாக இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 15-ஐ எட்டிய ஏதோ ஒரு சிறந்த வழி இருக்கிறது. அதில் கடைசியாகப் போட்ட நாணயம் 1, 5, 8 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. அது 1 என்றால் அதற்கு முன் 14-இல் இருந்தோம். 5 என்றால் 10-இல் இருந்தோம். 8 என்றால் 7-இல் இருந்தோம். அந்த மூன்று இடங்களுக்கும் மிகக் குறைந்த நாணயத்தில் எப்படி வருவது என்று தெரிந்தால் போதும். அவற்றில் சிறியதோடு ஒன்றைக் கூட்டினால் 15-க்கான விடை:

```
f(15) = 1 + min( f(14), f(10), f(7) )
```

f(14)-க்கும் இதே கேள்வியைக் கேட்கலாம், அதன் கீழே உள்ளவற்றுக்கும் கேட்கலாம். கடைசியில் f(0)-இல் வந்து நிற்கும். பூஜ்யத்தை எட்ட எந்த நாணயமும் தேவையில்லை, எனவே f(0) = 0.

இதை அப்படியே, தன்னையே திரும்ப அழைக்கும் ரிகர்ஷனாக எழுதினால் விடை சரியாக வரும், ஆனால் வேகம் போய்விடும். f(10) தேவைப்படுவது ஒரு 5-ஐக் கழித்தபோது மட்டும் இல்லை. ஐந்து முறை 1-ஐக் கழித்து இறங்கும் பாதையும் அதே f(10)-இல்தான் வந்து சேர்கிறது. நிரலுக்கு அது ஏற்கெனவே பார்த்த இடம் என்று தெரியாது, மீண்டும் முதலிலிருந்து கணக்குப் போடும். டைனமிக் புரோகிராமிங் செய்யும் உதவி இதுதான்: ஒவ்வொரு இடத்துக்கும் விடையை ஒரே ஒரு முறை கண்டுபிடித்து அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்வது. 10-க்கு எந்தப் பாதையில் வந்தோம் என்பது இனி தேவையில்லை. 10-க்கு வர எத்தனை நாணயம் போதும் என்ற ஒற்றை எண் மட்டும் போதும்.

சிறியதிலிருந்து பெரியதாக அட்டவணையை நிரப்பிக்கொண்டே போகலாம். 1 முதல் 4 வரை 1-ஐத் தவிர வேறு நாணயம் பொருந்தாது, ஆகவே விடைகள் 1, 2, 3, 4. ஐந்தாவது கட்டத்தில் 5 நாணயம் நேராகப் பொருந்துகிறது, விடை 1. தொடர்ந்து நிரப்பினால் முழு அட்டவணை இப்படி வரும்:

```
i :  0  1  2  3  4  5  6  7  8  9 10 11 12 13 14 15
f :  0  1  2  3  4  1  2  3  1  2  2  3  4  2  3  3
```

15-க்குக் கீழே பாருங்கள். f(14) = 3, f(10) = 2, f(7) = 3. சிறியது 2, அதோடு 1 சேர்த்தால் 3. கிரீடி வழி 8-ஐ எடுத்தபோது உண்மையில் அது f(7)-க்கு ஒப்புக்கொண்டுவிட்டது. f(7) என்பது 3, எனவே அந்தப் பக்கம் போனால் நான்குக்குக் குறைய வாய்ப்பே இல்லை. அட்டவணை மூன்று பக்கத்தையும் பார்த்த பிறகே முடிவெடுக்கிறது.

எந்தெந்த நாணயங்கள் என்று கேட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நாணயத்தால் அந்தச் சிறிய எண் வந்தது என்பதையும் கூடவே குறித்து வைக்க வேண்டும். 15-இல் 5 என்று குறித்திருக்கும், 10-க்குப் போனால் அங்கே 5, 5-க்குப் போனால் அங்கேயும் 5, அப்புறம் 0.

```python
def coin_change(coins, target):
    INF = target + 1
    dp = [0] + [INF] * target
    for i in range(1, target + 1):
        for c in coins:
            if c <= i:
                dp[i] = min(dp[i], dp[i - c] + 1)
    return dp[target] if dp[target] < INF else -1
```

`INF` பற்றி ஒரு வார்த்தை. 1 என்ற நாணயம் இல்லாமல் 5, 8 மட்டும் இருந்தால் 11-ஐ எட்டவே முடியாது. எட்ட முடியாத கட்டத்தில் என்ன எழுதி வைப்பது? புதிதாக எழுதுகிறவர்கள் பலர் 0 அல்லது -1 போடுவார்கள். இரண்டுமே `min`-ஐ ஏமாற்றிவிடும், ஏனென்றால் எட்ட முடியாத இடம்தான் எல்லாவற்றிலும் மலிவான இடம்போலத் தெரியும். விடை இருக்க வேண்டியதைவிடச் சிறியதாக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மிகச் சிறிய நாணயம் 1 என்றாலும் இலக்குக்கு மேல் நாணயங்கள் தேவைப்படாது. அதனால் `target + 1` என்பது நிஜமான எந்த விடையையும்விடப் பெரிய எண், அதுவே போதும். -1 கடைசியில் திருப்பித் தரும்போது மட்டும் வரட்டும்.

எண்ணுக்குப் பதில் எழுத்து

இப்போது சொல் பிரிப்புக்கு வருவோம். `பலபலகைவினை` என்பதில் ப, ல, ப, ல, கை, வி, னை என்று ஏழு எழுத்துகள். நாணயத்தில் எந்தத் தொகையை எட்டினோம் என்று கேட்ட இடத்தில், இங்கே முதல் எத்தனை எழுத்துகளைச் சொற்களால் நிரப்பினோம் என்று கேட்க வேண்டும். கட்டங்கள் 0 முதல் 7 வரை. எத்தனை சொல் தேவை என்பது கேள்வி இல்லை, முடியுமா முடியாதா என்பதுதான். ஆகவே கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஆம் அல்லது இல்லை.

கடைசித் துண்டு எது என்ற அதே கேள்வி. முதல் 7 எழுத்துகளை நிரப்பியதில் கடைசிச் சொல் `கைவினை` என்றால், அதற்கு மூன்று எழுத்து, ஆகவே 4-ஆவது கட்டம் ஆம் என்று இருக்க வேண்டும். அதோடு 4-க்கும் 7-க்கும் இடையே சரத்தில் உள்ளது உண்மையிலேயே `கைவினை`யாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை நாணயத்தில் இல்லை. 5 நாணயம் எந்த இடத்திலும் பொருந்தும், 10-லிருந்து 15-க்குப் போக யாரும் அனுமதி கேட்பதில்லை. சொல்லோ அதற்குரிய இடத்தில் மட்டும்தான் பொருந்தும்.

```
இடம்    : 0    1     2    3     4    5    6     7
எட்டுமா : ஆம்  இல்லை ஆம்  இல்லை ஆம்  ஆம்  இல்லை ஆம்
```

2-ஆவது கட்டம் முதல் `பல`வால் ஆம் ஆனது. 4-ஆவது கட்டம் 2-லிருந்து இன்னொரு `பல`வால். 5-ஆவது கட்டம் 2-லிருந்து `பலகை`யால். 7-ஆவது கட்டத்துக்கு 5-லிருந்து வர வழியில்லை, 4-லிருந்து `கைவினை` வருகிறது.

5-ஆவது கட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது ஆம்தான், ஆனால் இறுதி விடையில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. கிரீடி வழி போய் மாட்டிக்கொண்டது இங்கேதான். அட்டவணையில் ஆம் என்பது இதுவரை வர முடியும் என்று மட்டும் சொல்கிறது. இங்கிருந்து முடிவுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. 5-ஆவது கட்டத்தை ஆம் என்று குறித்ததால் 4-ஆவது கட்டத்தின் ஆம் அழிந்துவிடவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, 7 வரும்போது தேவையானதை எடுத்துக்கொள்கிறோம்.

```python
def word_break(s, words):
    dp = [True] + [False] * len(s)
    for i in range(1, len(s) + 1):
        for w in words:
            k = len(w)
            if k <= i and dp[i - k] and s[i - k:i] == w:
                dp[i] = True
                break
    return dp[len(s)]
```

`dp[0]` ஏன் `True` என்று அடிக்கடி கேட்பார்கள். வெற்றுச் சரத்தை நிரப்ப எந்தச் சொல்லும் தேவையில்லை, அது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நாணயத்தில் f(0) = 0 என்று எழுதியதும் இதே காரணத்தால்தான். இதை `False` என்று விட்டுவிட்டால் முதல் சொல் காலூன்ற இடமே இருக்காது, எல்லாக் கட்டமும் `False` ஆகவே முடியும். எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் `False` வருகிறது என்றால் இந்த வரியைப் பாருங்கள்.

தமிழ்ச் சரத்தை இந்த நிரலில் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தான் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை இல்லை, யூனிகோடு குறியீடுகளை. `கை` என்பது க ஒரு குறியீடு, அதன் ஐகாரக் குறி இன்னொன்று. அதனால் `len("பலபலகைவினை")` 7 தராது, 10 தரும். ஆம் என்று வரும் கட்டங்களும் 0, 2, 4, 6, 10 என மாறும். விடை மாறாது. ஓர் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்தால், மிச்சம் ஓர் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்கும். அப்படித் தொடங்கும் சொல் அகராதியில் இருக்காது, எனவே அங்கிருந்து பாதை மேலே போகாது. ஆனால் அட்டவணையை அச்சிட்டுப் பார்த்துக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் குழம்பிப்போவீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

லூப்பின் வரிசை

இரண்டு நிரல்களிலும் வெளியே இடத்துக்கான லூப், உள்ளே துண்டுக்கான லூப். இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? அதாவது ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அதற்கு அட்டவணை முழுவதையும் ஒருமுறை கடந்துவிட்டு, அப்புறம் அடுத்த துண்டுக்குப் போவது.

குறைந்தபட்ச நாணயக் கணக்கில் விடை மாறவே மாறாது. தைரியமாகத் திருப்பலாம். சொல் பிரிப்பில் திருப்பினால் தவறான விடை வரும், அதுவும் எப்போதும் வராமல் அகராதியின் வரிசையைப் பொறுத்து வரும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பது கடினம், எனவே கையாலேயே ஒருமுறை நடத்திப் பார்ப்போம்.

அகராதி `கைவினை`, `பலகை`, `பல` என்ற வரிசையில் வருவதாகக் கொள்வோம். முதலில் `கைவினை`க்கு அட்டவணை முழுக்கப் போகிறோம். அது பொருந்தும் இடம் 4-லிருந்து 7 வரை. ஆனால் இந்த நேரத்தில் 0 மட்டும்தான் ஆம். 4 இன்னும் இல்லை. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து `பலகை`: அது பொருந்தும் இடம் 2-லிருந்து 5 வரை, 2 இன்னும் ஆம் ஆகவில்லை. இதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக `பல`: 2 ஆம் ஆகிறது, அதே சுற்றில் 4-உம் ஆம் ஆகிறது. இப்போது `கைவினை`க்கு வழி திறந்திருக்கிறது, ஆனால் அதன் சுற்று முடிந்துவிட்டது. 7 இல்லை என்றே நிற்கிறது. அதே அகராதியில் `பல` முதலில் வந்திருந்தால் சரியான விடை வந்திருக்கும். சோதனைக்குக் கொடுத்த பட்டியல் தற்செயலாக நல்ல வரிசையில் இருந்தால் பிழை வெளியே தெரியாமலே போய்விடும். அகராதியின் வரிசையை மாற்றியதும் விடை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் இதைப் பிடிக்கும் சோதனை.

நாணயத்துக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? 8 + 5 + 1 + 1 என்பதும் 1 + 5 + 1 + 8 என்பதும் ஒரே தொகை. எந்தச் சிறந்த விடையையும் வகை வகையாக அடுக்கி எழுதிவிடலாம்: எல்லா 1-களும் முதலில், பிறகு எல்லா 5-களும், பிறகு எல்லா 8-களும். துண்டுகளை ஒவ்வொரு வகையாக முடித்துக்கொண்டு போகும் லூப் அந்த அடுக்கைப் பிடித்துவிடும். சொற்களை அப்படி அடுக்க முடியாது. எந்தச் சொல்லுக்குப் பின் எது என்பதைச் சரம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

இதே வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரிவது, குறைந்தபட்சம் கேட்காமல் எத்தனை வழிகள் என்று கேட்கும்போது. லீட்கோடில் இது 518-ஆவது கேள்வி.

```python
def count_ways(coins, target):
    ways = [1] + [0] * target
    for c in coins:
        for i in range(c, target + 1):
            ways[i] += ways[i - c]
    return ways[target]
```

நாணயங்கள் 1, 2, இலக்கு 3. முதல் நாணயமான 1 முடிந்ததும் அட்டவணை 1, 1, 1, 1. ஒவ்வொரு தொகைக்கும் ஒரே வழி, எல்லாம் 1-களால். அடுத்து 2: `ways[2]`-இல் `ways[0]` சேர்ந்து 2 ஆகிறது, `ways[3]`-இல் `ways[1]` சேர்ந்து 2 ஆகிறது. விடை 2, அதாவது 1 + 1 + 1, 1 + 2. லூப்பைத் திருப்பி இடத்தை வெளியே வைத்தால் 3-க்கான விடை `ways[2] + ways[1]`, அதாவது 2 + 1 = 3. இப்போது 1 + 2-உம் 2 + 1-உம் தனித்தனி வழிகளாக எண்ணப்படுகின்றன. இரண்டுமே தவறான நிரல் இல்லை, வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். வரிசை பொருட்டில்லை என்றால் துண்டு வெளியே. வரிசை பொருட்டு என்றால் இடம் வெளியே. சரத்தை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று எண்ணுவதற்கும் இடம்தான் வெளியே இருக்க வேண்டும்.

ஒரு துண்டை மீண்டும் மீண்டும் எடுக்கலாம் என்ற விதி இந்த நிரலில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. அது லூப் போகும் திசையில் ஒளிந்திருக்கிறது. `i` சிறியதிலிருந்து பெரியதற்குப் போவதால், `ways[i - c]`-ஐப் படிக்கும்போது அதில் இதே நாணயம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். மேலே `பல` ஒரே சுற்றில் 2-ஐயும் 4-ஐயும் திறந்தது இதனால்தான். ஒவ்வொரு நாணயத்தையும் ஒரு முறை மட்டும் எடுக்கலாம் என்று விதி மாறினால், துண்டை வெளியே வைத்து, உள்ளே `i`-ஐப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறக்க வேண்டும். அப்போது படிக்கும் கட்டம் இந்த நாணயத்தை இன்னும் பார்த்திராத பழைய கட்டமாக இருக்கும்.

எங்கே முட்டும்

நாணயக் கணக்கின் வேலை இலக்கையும் நாணய வகைகளின் எண்ணிக்கையையும் பெருக்கிய அளவு. இலக்கு 10,000, வகைகள் 12 என்றால் சுமார் 1,20,000 படிகள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இலக்கு 100 கோடி என்றால் இரண்டே நாணயம் இருந்தாலும் 100 கோடி கட்டங்கள் வேண்டும், நினைவகமே போதாது. எழுதும்போது பத்து இலக்கம்தான், ஆனால் அட்டவணை வளர்வது எண்ணின் மதிப்பைப் பொறுத்து, இலக்கங்களைப் பொறுத்து இல்லை. சொல் பிரிப்பில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே இலக்கு சரத்தின் நீளம், சரம் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. அங்கே பெரிதாவது அகராதிதான். ஆயிரக்கணக்கில் சொற்கள் இருந்தால் அவற்றை `set`-இல் போட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் மிக நீளமான சொல்லின் நீளம் வரை பின்னோக்கி வெட்டிப் பார்ப்பது நல்லது. அகராதியில் ஒரு லட்சம் சொல் இருந்தாலும் மிக நீளமான சொல் 20 குறியீடுதான் என்றால், ஓர் இடத்துக்கு 20 தேடல்களே ஆகும்.

கடைசியாக, எல்லாப் பிரிப்புகளையும் பட்டியலிடச் சொல்லும் 140-ஆவது கேள்வி. அங்கே அட்டவணையால் ஓரளவுக்குத்தான் உதவ முடியும். 30 எழுத்துகளும் `க` ஆக உள்ள சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அகராதியில் `க`, `கக`, `ககக` என்று எல்லா நீளத்துக்கும் சொல் உண்டு. எழுத்துகளுக்கு நடுவே 29 இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் வெட்டலாம் அல்லது விடலாம், ஆகப் பிரிப்புகள் 2-இன் 29-ஆவது அடுக்கு, 53 கோடிக்கும் மேல். அவ்வளவையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த நிரலும் அவ்வளவு நேரம் எடுக்கும். ஆனால் அதே சரத்தின் முடிவில் எந்தச் சொல்லிலும் இல்லாத ஒரு `ப`-வைச் சேர்த்துவிட்டால் விடை ஒன்றுமே இல்லாத வெற்றுப் பட்டியல். இதைத் தெரிந்துகொள்ள 53 கோடி வெட்டுகளையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை. பட்டியலிடும் நிரலைத் தொடங்கும் முன் `word_break`-ஐ ஒருமுறை ஓட்டினால், 31 கட்டங்களை நிரப்பிவிட்டு அது `False` என்று சொல்லிவிடும்.